ஐம்பதுக்குப் பின்னால் ஒரு குட்டி ‘வரை’

கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு நான் எழுதிக்கொடுத்த முதல் ஆடி நோட்டீஸில் மொத்தம் நான்கு வரிதான் இருந்தது.

“ஆடி அதிரடி! அனைத்து ரகங்களுக்கும் 50% வரை தள்ளுபடி! குடும்பத்துடன் வாரீர்! ஆதரவு தாரீர்!”

எழுதப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆடிக்கு மோனையாக அதிரடி கிடைத்துவிட்டதில் எனக்கு ஒரு திருப்தி வேறு. ஊரில் இன்னும் ஏழெட்டுக் கடைகளின் ஃப்ளெக்ஸிலும் அதே ‘ஆடி அதிரடி’ இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். செய்தித்தாளுக்குள் மடித்து வைத்து வீடு வீடாகப் போகிற பிட் நோட்டீஸ் அது. அச்சகத்தில் வடிவமைத்த பையன் 50% என்பதை உள்ளங்கை அகலத்துக்கு வைத்தான். ‘வரை’ என்பதை அதன் காலடியில் எறும்பு மாதிரி வைத்தான். எல்லாரும் அப்படித்தான் வைக்கிறார்கள் என்று நானும் சரி சொன்னேன்.

முதல் ஆடி வெள்ளி. காலையில் கடையில் நல்ல கூட்டம். பதினொரு மணிக்குக் கல்லா பக்கம் சத்தம். சுவாமிமலைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மகளோடு பஸ் ஏறி வந்த ஓர் அம்மா நான்கு புடவை எடுத்திருக்கிறார். பில்லில் பத்து சதவீதம்தான் கழிந்திருந்தது. அவர் மணிபர்ஸிலிருந்து நோட்டீஸை எடுத்து, மடிப்பைப் பிரித்து, ஐம்பதின் மேல் விரலை வைத்து, “இது என்ன?” என்று கேட்டார். கல்லாவில் இருந்தவர் ‘வரை’யைக் காட்டினார். அந்த அம்மா அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, “இத எழுதுனவன் யாரு, அவனக் கூப்பிடுங்க” என்றாராம். நான் அங்கே இல்லை. முதலாளி போனில் சொன்னார். திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. “நாலு புடவையையும் மேசை மேலயே வச்சிட்டுப் போயிட்டாங்க தம்பி. அவங்க ஊருக்குப் போயி எத்தன பேர்கிட்ட சொல்லுவாங்க?” என்று மட்டும் கேட்டார்.

ஐம்பது சதவீதம் பொய்யில்லை. கடையின் பின்பக்கம் ஒரே ஒரு ரேக்கில் இருந்தது. மூன்று வருடத்துப் பழைய சுடிதார் மெட்டீரியல்.

தமிழில் இந்த ‘வரை’க்கு ஒரு வசதி உண்டு. அது எண்ணுக்குப் பின்னால் வருகிறது. படிக்கிறவர் கண் ஐம்பதில் நின்றுவிடும். வரை வந்து சேர்வதற்குள் மனது கணக்குப் போட ஆரம்பித்திருக்கும். அதோடு நான் ‘அனைத்து ரகங்களுக்கும்’ என்றும் சேர்த்திருந்தேன். இரண்டையும் சேர்த்துப் படித்தால் கடையே பாதி விலை என்றுதான் யாருக்கும் தோன்றும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2022-இல் வந்த விளம்பர வழிகாட்டு நெறிகளைப் பிறகு உட்கார்ந்து படித்தேன். நிபந்தனைக் குறிப்பு, வாக்குறுதி இருக்கிற அதே மொழியில், அதே எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. சொன்ன விலைக்குப் போதுமான சரக்கு இல்லாமல் ஆசை காட்டி வரவழைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. என் நோட்டீஸ் இரண்டிலும் தோற்றது. ஆனால் சட்டத்துக்கு முன்னால் அந்த அம்மாவிடமே தோற்றுவிட்டேன்.

அடுத்த வருடமும் முதலாளி என்னையே கூப்பிட்டார். ஏன் என்று இன்றுவரை கேட்டதில்லை. இந்த முறை எழுதுவதற்கு முன் அவர் கணக்கை எனக்குக் காட்டச் சொன்னேன். தயங்கினார், ஆனால் காட்டினார்.

ஒரு சில்க் காட்டன் புடவையை வைத்துப் பார்ப்போம். கடைக்கு வந்து இறங்கும்போது அடக்கம் 700 ரூபாய். டேக்கில் 1,100. முப்பது சதவீதம் தள்ளினால் 770-க்குப் போகும். எழுபது ரூபாய் நிற்கும். அதிலிருந்து வாடகை, கரண்ட், ஆள் சம்பளம், பை, நோட்டீஸ் செலவு எல்லாம் போக வேண்டும். ஐம்பது தள்ளினால் 550. கையிலிருந்து 150 போகிறது. ஆக, புதுச் சரக்குக்கு ஐம்பது என்பது நடக்கிற காரியமில்லை. நடக்கிறது என்றால் டேக் மாறியிருக்கிறது என்று அர்த்தம். ஆனி கடைசியில் உட்கார்ந்து 1,100-க்கு மேல் 1,500 ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை அது. அதைக் கண்டுபிடிக்க எந்தப் படிப்பும் வேண்டாம். புடவை எடுக்க வருகிற பெண்கள் முந்தானையைப் பார்ப்பதற்கு முன்னால் ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்ப்பதை நானே நின்று பார்த்திருக்கிறேன். கீழே இன்னொரு ஸ்டிக்கர் தெரிந்தால் அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாம் நிஜம் சொன்னாலும் எடுபடாது.

அப்புறம் எதற்குத் தள்ளுபடி? சும்மா இருந்துவிட்டுப் போகலாமே என்று கேட்டேன். முதலாளி காரணத்தை அடுக்கினார். ஆனி முகூர்த்தம் முடிந்துவிட்டது. ஆவணி வரைக்கும் கல்யாணம் கிடையாது. ஜூனில் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிய கட்டணத்தில் வீட்டுக் கை காலி. கிராமத்துக் கையிலோ பணம் மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். எங்கள் பக்கம் குறுவை நடவு, உரம், ஆள் கூலி என்று போகும். நெல் வீடு வந்து சேர இன்னும் காலம் இருக்கிறது. அதே சமயம் தீபாவளிச் சரக்குக்கு இப்போதே ஆர்டர் கொடுத்தாக வேண்டும். சூரத் புடவைக்கும் ஈரோட்டு வேட்டிக்கும் இளம்பிள்ளை சில்க் காட்டனுக்கும் பணம் புரட்ட வேண்டும். வருகிற பேல்களை வைக்க இடமும் வேண்டும். பங்குனி, வைகாசிக் கல்யாணத்துக்கு வாங்கி மிஞ்சிய சரக்கோ ரேக்கை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

“இத அப்படியே எழுதிடலாமே” என்றேன்.

“எத?”

“தீபாவளிச் சரக்குக்கு இடம் வேணும், அதனால குறைச்சுக் கொடுக்குறோம்னு.”

அவருக்குப் பிடிக்கவில்லை. தேங்கிப்போன சரக்கைத் தலையில் கட்டுகிறார்கள் என்று நினைப்பார்களாம். ஏற்கெனவே அப்படித்தான் நினைக்கிறார்கள் என்றேன். விலை ஏன் குறைந்தது என்று நாம் சொல்லாவிட்டால் அவர்களாக ஒரு காரணம் வைத்துக்கொள்வார்கள். அது நம்முடையதைவிட மோசமாக இருக்கும். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “சரி, சரக்கப் பாத்துட்டு எழுது” என்று மாடிச் சாவியைக் கொடுத்தார்.

மாடியில் என்னோடு இருந்தவர் அந்தக் கடையில் பதினெட்டு வருடமாக விற்பனையில் இருக்கும் ஓர் அக்கா. நாங்கள் இரண்டு நாள் சரக்கைப் பிரித்துப் போட்டோம். நன்றாக இருந்து நிறம் மட்டும் பழசானவை ஒரு பக்கம். எங்கேயோ ஏதோ கோளாறு உள்ளவை ஒரு பக்கம். அக்கா ஒவ்வொரு புடவையையும் முழுதாகப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தார். நாள்பட மடித்தே கிடந்த புடவை மடிப்பில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். மேல் மடிப்பு ட்யூப்லைட் பட்டு வெளுத்து ஒரு கோடு விழுந்திருக்கும். பட்டுச் சேர்ந்ததாக இருந்தால் அதே கோட்டில் விரலால் மெல்ல இழுத்தாலே இழை விட்டுவிடும். அப்படி விட்டதை எந்த விலைக்கும் விற்கக் கூடாது என்று அக்கா தனியாக எடுத்துவைத்தார். “இத நூறு ரூபாய்க்குக் குடுத்தாலும் ஒரு தடவ கட்டுறப்பக் கிழிஞ்சா நம்ம பேருதான் கிழியும்” என்றார். வெளுத்த கோடு மட்டும் உள்ளவற்றை ‘மடிப்பு வெளுப்பு’ என்று சீட்டு எழுதி ஒரே விலையில் வைப்பது என்று முடிவானது. அந்த ரேக்குக்கு நான் எழுதிய பலகை: “மடிப்பில் கொஞ்சம் வெளுத்தவை. பிரித்துப் பார்த்து எடுங்கள். ஒரு புடவை 250.” அந்த ஆடியில் முதலில் காலியான ரேக் அதுதான்.

பிரித்துக்கொண்டே அக்காவிடம், ஆடியில் யாரெல்லாம் வருகிறார்கள் என்று கேட்டேன். மந்தமான மாதம் என்று முதலாளி சொன்னாரே தவிர, கடை சுத்தமாகக் காலியாக இருப்பதில்லை. அக்காவுக்கு அது விரல் நுனியில் இருந்தது. தலை ஆடிக்கு மகளையும் மாப்பிள்ளையையும் அழைக்கிறவர்கள் வருவார்கள். மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை, மகளுக்குப் புடவை. அவர்கள் விலையைப் பார்க்க மாட்டார்கள். ஆடி ஒன்றுக்கு முன்னாலேயோ பதினெட்டுக்கு முன்னாலேயோ வந்துவிடுவார்கள். மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறவர்களுக்கு மஞ்சள் புடவை வேண்டும். வெள்ளிக்கிழமை தாம்பூலத்தில் வைத்துக்கொடுக்க ஜாக்கெட் பிட் வேண்டும். அதை ஒன்றிரண்டாக யாரும் வாங்குவதில்லை, பத்து பன்னிரண்டு என்று கட்டாகத்தான் எடுப்பார்கள். பதினெட்டாம் பெருக்குக்குக் காவிரிப் படித்துறைக்குப் போகும்போது புதுசாக ஏதாவது உடுத்த வேண்டும் என்று சிலர்.

“கல்யாணத்துக்கு எடுக்குறவங்க?”

“கூறப்புடவைய ஆடியில யார் எடுப்பா? நீங்க எழுதாதீங்க அத, கோவிச்சுக்குவாங்க.”

சரிதான். முந்தைய வருடம் அதையும் யோசித்திருந்தேன்: ‘ஆவணிக் கல்யாணத்துக்கு ஆடியிலேயே பட்டு!’ ஆடியில் முகூர்த்தப் பட்டு எடுக்க வேண்டாம் என்று இருக்கிறவர்களிடம் விளம்பரம் வாதாட முடியாது. வாதாடினால் வீட்டுப் பெரியவர்கள் கடையையே தள்ளிவைத்துவிடுவார்கள். ஆனால் அக்கா அடுத்துச் சொன்னதுதான் அந்த நோட்டீஸையே மாற்றியது.

“கூறப்புடவ ஒண்ணுதான தம்பி. அத்த, சித்தி, நாத்தனாருன்னு வச்சுக்குடுக்குற புடவ முப்பது வேணும். வேட்டி துண்டு இருபது வேணும். அதுக்கு நாளும் கெடையாது, கெழமையும் கெடையாது. எல்லாரும் ஆவணியில ஒரே நாளுல வந்து என் உயிர எடுப்பாங்க. அப்பத் தையக்காரரும் கெடைக்க மாட்டாரு. இப்பப் போயிப் பாருங்க, மெஷின் மேல தலய வச்சுத் தூங்குறாரு.”

இது எங்களுக்கெல்லாம் தெரிந்த விஷயந்தான். தெரிந்தும் ஒருவருக்கும் எழுதத் தோன்றவில்லை. ஆவணிக் கல்யாணம் வைத்திருக்கிற வீட்டுக்கு ஆடியில் கடைக்கு வர நிஜமான காரணம் இருக்கிறது, அது சதவீதம் இல்லை. கூட்டமில்லாமல் உட்கார்ந்து முப்பது புடவையை நிறம் பார்த்துப் பொறுக்கலாம். ரவிக்கை நேரத்துக்குத் தைத்து வரும். நல்ல காரியத்துக்கான முதல் துணியை நல்ல நாளில் எடுத்துக்கொள்ளலாம், வைத்துக்கொடுக்கும் புடவைக்கு எந்தத் தடையும் இல்லை. சிலர் இதைக்கூட ஆடியில் தொட மாட்டார்கள். அவர்களை விட்டுவிட வேண்டியதுதான்.

அந்த வருட நோட்டீஸ் இப்படிப் போனது:

“ஆவணியில் வீட்டில் கல்யாணமா? கூறைப்புடவையை நல்ல நாள் பார்த்து எடுங்கள். உறவினருக்கு வைத்துக்கொடுக்கும் புடவையை இப்போதே எடுங்கள். 10 புடவையோ அதற்கு மேலோ எடுத்தால் 25% குறைவு. ரவிக்கை தைக்க எங்கள் தையற்காரர் இப்போது ஓய்வாக இருக்கிறார்.

தீபாவளிச் சரக்கு வர இடம் வேண்டும். அதனால் மாடியில் உள்ள காட்டன், பூனம் புடவைகள் 30% குறைவு. கீழ்த்தளப் புதுச் சரக்கு 10% குறைவு. டேக் மாற்றவில்லை, சுரண்டிப் பார்க்கலாம்.

ஆடி வெள்ளிதோறும் ஜாக்கெட் பிட் 12 எடுத்தால் 10-க்கு விலை.

ஆடி 1 முதல் ஆடி கடைசி வரை.”

‘சுரண்டிப் பார்க்கலாம்’ என்பதை முதலாளி இரண்டு முறை அடித்தார், நான் இரண்டு முறை திரும்ப எழுதினேன். கடைசியில் அக்கா சிரித்த சிரிப்பைப் பார்த்து விட்டுவிட்டார். இதில் 25% எங்கிருந்து வந்தது என்றால், மொத்தமாகப் போகிற புடவைக்குப் பை, பில், விற்பனையாளர் நேரம் எல்லாம் குறைவு. நம் 700 ரூபாய்ப் புடவையே 825-க்குப் போகிறது, 125 நிற்கிறது. பத்து எடுத்தால் 1,250. தனித்தனியாகப் பத்துப் பேருக்கு முப்பது சதவீதத்தில் விற்றால் 700-தான். முதலாளி இந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் முழுமனதாகச் சம்மதித்தார். மாடிச் சரக்குக்கு முப்பது ஏன் என்றால், அதில் அவர் லாபம் எதிர்பார்க்கவில்லை. இடம் காலியானால் போதும்.

ஒன்று கவனித்திருப்பீர்கள், ‘தள்ளுபடி’ என்ற சொல்லையே நோட்டீஸுக்குள் வைக்கவில்லை. தலைப்பில் மட்டும் ‘ஆடித் தள்ளுபடி’. வல்லினம் மிகும் ‘த்’தை அச்சகப் பையன் தூக்கிவிட்டான், திரும்பப் போட வைத்தேன். கடன் தள்ளுபடி, மனு தள்ளுபடி என்று எல்லா இடத்திலும் புழங்கித் தேய்ந்த சொல் அது. ‘குறைவு’ என்றால் எதிலிருந்து எதற்கு என்று மனது தேடும். இலங்கையில் இதையே ‘கழிவு’ என்கிறார்கள். இங்கே அப்படி எழுதினால் குப்பைக் கிடங்கு நினைவுக்கு வந்துவிடும்.

காகிதத்தில் எழுதியது மைக் செட் ஆட்டோவுக்குச் செல்லாது. இதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆட்டோ தெருவில் போகும்போது ஒரு வீட்டுக்கு எட்டுப் பத்து நொடிதான் தெளிவாகக் கேட்கும். முன்வாசலுக்கு வருவதற்குள் கடந்துவிடும். நோட்டீஸை அப்படியே படித்துப் பதிவு செய்தால் ஒரு வீட்டுக்குக் கல்யாணம் கேட்கும், அடுத்த வீட்டுக்கு மாடி கேட்கும், கடைப் பெயர் யாருக்குமே கேட்காது. ஆகவே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்து, கடைப் பெயரை முன்னும் பின்னும் வைத்து, அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டோம். ‘இருநூற்றுத் தொண்ணூற்று ஒன்பது ரூபாய்’ என்று சொல்லி முடிப்பதற்குள் ஆட்டோ நாலு வீடு தாண்டிவிடும். ‘முந்நூறு ரூபாய்க்குள்ள நைட்டி’ என்றால் முடிந்தது. காகிதத்தில் 299 கொஞ்சம் குறைவாகத் தெரியலாம். காதில் அது நீளமாகத்தான் கேட்கிறது.

ஃப்ளெக்ஸ் விஷயத்தில் ஆடிக்காற்று எங்களை விட்டுவைக்கவில்லை. அம்மியையே பறக்கவிடும் காற்று என்பார்கள். முதல் வாரத்திலேயே கிழிந்தது. மறுபடி அடித்தபோது காற்று போக ஓட்டை போட்டுக் கட்டினார்கள். ஓட்டை விழுந்த இடம் சரியாகக் கடையின் தொலைபேசி எண்.

எல்லாம் பலித்துவிடவில்லை. ஜாக்கெட் பிட் முதல் இரண்டு வெள்ளி நன்றாகப் போனது, மூன்றாம் வெள்ளி படுத்துவிட்டது. வேண்டியவர்கள் முன்னாலேயே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எத்தனை மலிவாகக் கொடுத்தாலும் எதற்கு? மாடிப் பூனம் புடவைகளில் பாதிக்கு மேல் அப்படியே நின்றன. தலை ஆடிக்காரர்களுக்கென்று தனியாக எதுவும் எழுதாமல் விட்டது என் தவறு. ஆடி பிறப்பதற்கு மூன்று நாள் முன்பே அவர்கள் பக்கத்துக் கடைகளில் எடுத்து முடித்திருந்தார்கள். எங்கள் நோட்டீஸ் ஆடி ஒன்று காலையில்தான் செய்தித்தாளுக்குள் போனது. ஆனால் ஆவணிக் கல்யாண வீடுகள் வந்தன. பட்டியல் எழுதிய நோட்டுப் புத்தகத்தோடு, மத்தியான நேரத்தில், நாலைந்து பெண்களாக வந்து பாய் விரித்தாற்போல் உட்கார்ந்து எடுத்தார்கள். அவர்களில் சிலர் கூறைப்புடவைக்கும் ஆவணியில் இதே கடைக்குத் திரும்பி வந்ததாக அக்கா சொன்னார். தையற்காரர் மட்டும் என்மேல் கோபமாக இருந்தார். ‘ஓய்வாக இருக்கிறார்’ என்று ஊர் முழுக்க அச்சடித்துக் கொடுத்துவிட்டேனாம்.

ஆடி முடிய மூன்று நாள் இருக்கும்போது முதலாளி போன் செய்தார். “வாடிக்கையாளர் வேண்டுகோளுக்கிணங்க ஆவணி பத்து வரைக்கும் நீட்டிப்புன்னு ஒரு நோட்டீஸ் போட்டுடலாமா? பூனம் இன்னும் கெடக்கு.”

எந்த வாடிக்கையாளர் வேண்டினார் என்று கேட்டேன். சிரித்தார். அவசரப்பட்டு ஆடியில் வந்து எடுத்தவர்கள் அந்த நோட்டீஸைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றேன். அடுத்த ஆடிக்கு ‘ஆடி கடைசி வரை’ என்று எழுதினால் யார் நம்புவார்கள்? அவர் பதில் சொல்லவில்லை. நீட்டிப்பு நோட்டீஸும் போடவில்லை.

ஆவணி ஒன்றாம் தேதி என் மீதிப் பணத்தை வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். ஃப்ளெக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கல்லா முன்னால் ஓர் அம்மா கையில் எங்கள் நோட்டீஸை வைத்துக்கொண்டு, மருமகளுக்குக் காய்ச்சலாக இருந்ததால் நேற்று வரமுடியவில்லை, நேற்றைய விலைக்கே கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா முதலாளியைப் பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் ஃப்ளெக்ஸைப் பார்த்தேன். முதலாளி முழு விலைக்கே பில் போடச் சொல்லிவிட்டு, புடவைக்கு ஒன்றாக ஜாக்கெட் பிட்டை எடுத்துப் பைக்குள் வைத்தார். அதைப் பில்லில் எழுதவில்லை.